ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. பற்றிக் கேள்வி பதில்: குழுத்தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற காட்பாடிக்காரர் பதில் சொல்கிறார்

கம்மவான்பேட்டையிலிருந்து: "சார், எங்க வீட்ல மூணு தலைமுறையா மிலிட்டரி. படம் பார்த்து எழுதுற கதையில ராணுவ வீரனை ஹீரோவா வெச்சா மார்க் கூடுமா?"

அதனால் மார்க் கூடாது தம்பி. ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள், எழுத 4 நிமிடம். இப்படி 12 கதை, கடைசிப் படம் வெறும் வெள்ளை. அத்தனையிலும் தீவிரவாதியைப் பிடித்தால், மனப்பாடம் செய்து வந்தவன் என்று உளவியலாளருக்குத் தெரிந்துவிடும்.

படத்தில் ஏரிக்கரையில் ஒருவன் நிற்கிறான் என்று வையுங்கள். கரையில் கசிவைப் பார்க்கிறான், வி.ஏ.ஓ.வுக்குப் போன் போடுகிறான், நாலு பேரைச் சேர்த்து மணல் மூட்டை அடுக்குகிறான். இது போதும். ஆனால் கதையில் ஊரையே திரட்டிவிட்டு, உங்களைப் பற்றி நீங்களே நிரப்பிக் கொடுக்கும் பி.ஐ.க்யூ. படிவத்தில் ஒரு கபடி டீம்கூட நடத்தியதாக இல்லையென்றால் இன்டர்வியூ அதிகாரி அங்கேதான் தோண்டுவார்.

குடியாத்தத்திலிருந்து: "கிரவுண்ட் டாஸ்க்ல முதல்ல பேசி, சத்தமா பேசறவன்தான் பாஸ்னு கோச்சிங்ல சொன்னாங்க. சரிதானே?"

பாதி சரி. வாயே திறக்காதவனைப் பற்றி எழுத எங்களுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் நாங்கள் எழுதுவது சத்தத்தை அல்ல.

பி.ஜி.டி. என்ற குழுவாகத் தடை தாண்டும் டாஸ்க்கில் பலகை, கட்டை, கயிறு, ஒரு சுமை தருவோம். எல்லைக்கோடுகளுக்கு நடுவே தரையில் கால் படக்கூடாது, சிவப்பு அடித்த இடத்தைத் தொடக்கூடாது. பலகை எதிரே இருக்கும் மேடைக்கு எட்டவில்லை. ஒருவன் "கட்டு, கட்டு" என்று கத்துகிறான். பலகையையும் கட்டையையும் நீளத்துக்குச் சேர்த்துக் கட்டக்கூடாது என்ற விதி அவனுக்கு மறந்துபோச்சு. இன்னொருவன் மெதுவாக, "ரெண்டு பேர் பின்முனையில ஏறி நில்லுங்க, நான் முன்னாடி போறேன்" என்கிறான். பலகை சாயாமல் நிற்கிறது, அவன் தாண்டிவிடுகிறான். அப்புறம் திரும்பி சுமைக்குக் கை நீட்டுகிறானா, தான் வந்தால் போதும் என்று நிற்கிறானா? என் பேனா அங்கேதான் ஓடும்.

ஆம்பூரிலிருந்து: "அண்ணா, முதல் நாளே அனுப்பிட்டாங்க. என் கதை நல்லாத்தான் இருந்துச்சு. எதனால?"

காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டார்கள், நானும் இங்கிருந்து சொல்ல முடியாது. முதல் நாளில் படக் கதையோடு அறிவுத்திறன் தேர்வும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். கதையைச் சொன்ன பிறகு நடந்த குழுக் கலந்துரையாடலில் என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே!

ராணிப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: "கடைசி நாள் கான்ஃபரன்ஸ்ல என்ன கேட்பாங்க? என் பையனுக்குப் பல்லு கொஞ்சம் தூக்கல்."

பல் மெடிக்கல்காரர்கள் பார்க்க வேண்டியது, அது தேர்வான பிறகுதான். கான்ஃபரன்ஸில் பெரும்பாலும் சாப்பாடு, தங்குமிடம் பற்றித்தான் பேச்சு. உளவியலாளர், குழுத்தேர்வு அதிகாரி, இன்டர்வியூ அதிகாரி மூவரும் தனித்தனியாகப் போட்ட மதிப்பீடு அங்கே மேஜைக்கு வரும். மூன்றும் ஒத்துப்போனால் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். ஒத்துப்போகாதவனிடம்தான் கூடுதலாகக் கேள்வி வரும்.