ஐந்து பேர் எழுதிய நோட்ஸ் ஒன்றாகப் பொருந்த

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் குரூப் 2 தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிறோம். ஞாயிறுதோறும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கூடுவோம். அடிப்படை உரிமைகள் பாடம் நீளம் என்பதால் பக்கக் கணக்கில் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் குறிப்பு எழுதினோம். சேர்த்துப் பார்த்தால் ஒருவருடையது ஆறு பக்கம், இன்னொருவருடையது அரைப் பக்கம். ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியவில்லை. எப்படிப் பிரித்தால் ஒரே மாதிரி வரும்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஐந்து பேரும் ஒரே சட்டப்பிரிவுக்கு, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்காமல், குறிப்பு எழுதுங்கள். இருபது நிமிடம் போதும். சட்டப்பிரிவு 15 இதற்கு நல்ல தேர்வு. விதிவிலக்கு, திருத்தம், வழக்கு மூன்றும் அதில் உண்டு.

எழுதியவற்றை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் வகுப்பில் இதைச் செய்யவைக்கும்போது ஒருவர் ‘சரத்து’ என்பார், ஒருவர் ‘விதி’, ஒருவர் ‘உறுப்பு’, இன்னொருவர் ‘ஆர்ட்டிகிள்’. நான்கும் ஒன்றுதான் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். தேர்வுக்கு முந்தின இரவு போனில் தேடும்போது தெரியாது. இன்னொருவர் ‘மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது’ என்று எழுதி, ‘மட்டுமே’ என்ற சொல்லை விட்டிருப்பார். ‘இவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு’ என்பதுதான் அந்தப் பிரிவின் உயிர்.

இந்த வேறுபாடுகளைப் பேசித் தீர்ப்பதுதான் உங்கள் படிவம். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அழகாகப் படிவம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் அதன்படி எழுத மாட்டார்கள். சண்டை போட்டு முடிவு செய்ததைத்தான் நினைவில் வைப்பார்கள். பிரிவு 15-க்கு அது கடைசியில் ஏறத்தாழ இப்படி வந்து நிற்கும்:

எண்: 15
யாருக்கு: குடிமக்களுக்கு மட்டும்
சாரம் (மூன்று வரிக்குள்): மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு அரசு பாகுபாடு காட்டக் கூடாது
விலக்கு: 15(3) பெண்கள், குழந்தைகள், 15(4), 15(5) சமூக, கல்வி நிலையில் பின்தங்கியோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், 15(6) பொருளாதாரத்தில் நலிந்தோர்
திருத்தம்: 15(4) – 1வது, 1951, 15(5) – 93வது, 2005, 15(6) – 103வது, 2019
வழக்கு: சம்பகம் துரைராஜன், 1951

இதோடு மூன்று விதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஆண்டு. 93வது திருத்தத்தின் பெயரில் இருப்பது 2005. நடைமுறைக்கு வந்தது 2006. பிரிவு 21ஏ-வைச் சேர்த்த 86வது திருத்தம் 2002. நடைமுறைக்கு வந்தது 2010. ஒருவர் இதையும் மற்றவர் அதையும் எழுதினால் இரண்டும் சரியாக இருந்தும் நோட்ஸ் தவறாகிவிடும். திருத்தத்தின் பெயரில் உள்ள ஆண்டையே எழுதுவது, நடைமுறை ஆண்டு தேவைப்பட்டால் அடைப்புக்குறிக்குள் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, காலியிடம். ஒரு பிரிவுக்கு வழக்கு எதுவும் இல்லையென்றால் அந்த வரியை அழிக்காமல் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். இன்னும் தேடவில்லை என்றால் ‘பார்க்கணும்’ என்று போட வேண்டும். வெற்றாக விட்டால் இரண்டில் எது என்று எழுதியவருக்கே ஒரு மாதம் கழித்துத் தெரியாது.

மூன்றாவது எழுத்துரு. எல்லோரும் யூனிகோடில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு வருடம் என் மாணவர் ஒருவர் பாமினியில் அடித்துக் கொடுத்துவிட்டார். கூகுள் டாக்ஸில் ஒட்டியதும் பதினொரு பக்கமும் ஆங்கில எழுத்துகளாக, குப்பையாக நின்றது. மாற்றி எடுப்பதற்குள் ஒரு ஞாயிறு போயிற்று.

இனிமேல்தான் பிரிப்பது. பக்கக் கணக்கை விட்டுவிடுங்கள். பாடம் எங்கே தானாக மடிகிறதோ அங்கே வெட்டுங்கள். 15-ல் ஐந்து காரணங்கள். அரசு வேலைவாய்ப்பு பற்றிய 16-ல் மரபுவழி, வசிப்பிடம் இரண்டும் சேர்ந்து ஏழு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் அந்த வித்தியாசம் கண்ணில் படும். தேர்வில் கேட்கத் தோதான இடமும் அதுதான். அதனால் 14 முதல் 18 வரை ஒருவருக்கு. 19 தனியாகவே ஒருவருக்கு: ஆறு சுதந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டுப்பாடுகள். ஒரே பிரிவுதானே என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். எழுதிப் பார்த்தால் அடங்கிவிடுவார்கள். 20, 21, 21ஏ, 22 மூன்றாமவருக்கு. 23 முதல் 30 வரை எண்ணிக்கையில் அதிகம், ஆனால் பெரும்பாலும் சின்னச் சின்னப் பிரிவுகள், அது நான்காமவருக்கு. ஐந்தாமவருக்கு 12, 13-உடன் 31 முதல் 35 வரை. பாடத்தின் இரண்டு முனைகளையும் ஒருவருக்கே ஏன் தருகிறேன் என்றால், உரிமையைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்கிறது 13. பறித்தால் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது 32. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும்.

31-ஐப் பெயர் சொல்லிக் கொடுங்கள். சொத்துரிமை பற்றிய அந்தப் பிரிவை 44வது திருத்தம் (1978) நீக்கிவிட்டது. நீக்கியதுதானே என்று எல்லோரும் தாண்டிப் போவார்கள், 31ஏ, 31பி, 31சி இன்னும் இருப்பதை மறந்து. சொத்துரிமை 300ஏ-வுக்குப் போனதையும் அங்கேதான் எழுத வேண்டும். அதே திருத்தம் 19-லிருந்தும் சொத்து பற்றிய சுதந்திரத்தை நீக்கியது. அதனால் 19-ஐ எழுதுபவரும் 31-ஐ எழுதுபவரும் ஒருவர் குறிப்பை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எழுதி முடித்தபின் ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் திருத்தினால் பழையபடி ஐந்து குரல்கள் வந்துவிடும். அவர் பொருளைத் திருத்தக் கூடாது. சொல், ஆண்டு, வரி அளவு ஆகியவற்றை மட்டும் சரிசெய்து, சந்தேகம் வந்தால் எழுதியவரிடம் கேட்கட்டும். குறுக்காகவும் படித்துப் பார்க்கலாம். எல்லாப் பிரிவுகளின் ‘யாருக்கு’ வரியை மட்டும் வரிசையாக எடுத்தால், குடிமக்களுக்கு மட்டுமானவை 15, 16, 19, 29, 30 என்று தனிக்குறிப்பே வந்துவிடும். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தால் யாரோ அந்த வரியைப் புத்தகம் பார்க்காமல் நிரப்பியிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த முறையால் ஆகாத ஒன்றும் உண்டு. 19-ஐ எழுதியவருக்கு 19 மனத்தில் நிற்கும். மற்ற நால்வருக்கு அது வெறும் தாள். அதனால் ஒவ்வொருவரும் மற்றவர் பகுதியைப் புத்தகத்தில் ஒருமுறை படித்துவிட்டுத்தான் குறிப்பைத் தொட வேண்டும். பிரித்ததால் எழுதும் நேரம்தான் மிச்சம், படிக்கும் நேரம் அல்ல.

இப்போது கையில் இருக்கும் குறிப்புகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஆறு பக்கம் எழுதியவரிடம் தகவல் இருக்கிறது. அரைப் பக்கம் எழுதியவரிடம் சுருக்கம் இருக்கிறது. வரும் ஞாயிறு 15-ஐ ஐந்து பேரும் எழுதிப் பார்த்து, படிவம் முடிவானதும் பழைய குறிப்புகளை அதில் பெயர்த்துப் போடுங்கள். ‘பார்க்கணும்’ என்று எத்தனை வரி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால், மீதி வேலை எவ்வளவு என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.