'இல்ல'ன்னு சொன்னா இல்லன்னு அர்த்தமா?

"முதுநகர்ல போட்டுக்கு போற அண்ணன் ரெண்டு மாசமா எரிஞ்சு விழறாரு, தினம் குடி. டாக்டர் மனசு கஷ்டமான்னு கேட்டா இல்லன்னுட்டாரு. அப்ப டிப்ரஷன் இல்லையா?"

அந்த ஒரு 'இல்ல'ய வச்சு முடிவு பண்ணாதீங்க. நெறைய ஆம்பளைங்களுக்கு அது அழுகையா வராது, கோவமா, குடியா, முதுகுவலியாதான் வரும், மனசுன்னு வாய தொறந்தா போட்டுல கூட வர்றவங்க மதிக்கமாட்டாங்கன்னு வலிய மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிட்டு வந்துடுவாங்க. டிப்ரஷன் இருக்கான்னு பாக்க வழக்கமா கேக்குற பிஎச்கியூ-9 கேள்வித்தாள்லயும் கோவம், குடி பத்தி கேள்வியே கெடையாது.

சோகமான்னு கேக்காம, வல பின்னும்போது பக்கத்துல ஒக்காந்து "ராத்திரி எத்தன மணிக்குண்ணா முழிப்பு வருது, மீன் கொழம்பு முன்ன மாதிரி எறங்குதா"ன்னு கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி, ஆசை எல்லாம் கொறஞ்சிருந்தா அத அப்படியே டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க, ஜிப்மர் மனநல ஓபி பக்கம்தான்.

ஆனா குடியும் தைராய்டும்கூட இப்படி காட்டும், அதனால நீங்களா பேர் வைக்காதீங்க. தினம் குடிக்கிறவர திடீர்னு நிறுத்தவும் சொல்லாதீங்க, வலிப்பு வரலாம். "இருந்து என்ன பண்ண"ன்னு பேசினா காத்திருக்காதீங்க, தனியா விடாம உடனே கூட்டிட்டுப் போங்க, மனநல உதவி எண் 14416ல எப்பவும் எடுப்பாங்க.