மாலையில் வரும் ஆவேசமும் ராத்திரி மாத்திரையும்

"அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர். சாயங்காலம் குளிக்க வைக்கப் போனால் கத்துகிறார், அடிக்கிறார், கடிக்கக்கூட வருகிறார். டாக்டர் ரிஸ்பெரிடோன் 0.5 மி.கி. இரவில் கொடுத்தார். இரண்டு மாதமாகிறது. அடிப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் பகலெல்லாம் தூங்குகிறார், காலை இழுத்து நடக்கிறார். இந்த மாத்திரையால் பக்கவாதம் வரும் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா? மூட்டுவலியும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே உண்டு."
— ஒரு மகள்

நிறுத்தும் பேச்சை எடுக்க வேண்டிய நேரம்தான். ஆனால் நாளைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் போய், "இதைக் குறைத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது வதந்தி இல்லை. 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மறதி நோயுள்ள முதியவர்களில் சுமார் பத்து வாரத்தில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர் இறந்திருந்தார்கள். ரிஸ்பெரிடோன் போன்ற, மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளைச் சாப்பிட்டவர்களில் நாலு, ஐந்து பேர். பெரும்பாலும் இதயக் கோளாறு, இல்லாவிட்டால் நிமோனியா போன்ற தொற்று. பக்கவாத ஆபத்தும் ரிஸ்பெரிடோன் ஆய்வுகளிலேயே தெரிந்தது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அந்தக் கவலை இன்னும் கூடுதல். அதற்காக, கொடுத்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படுத்தும் அளவுக்கு ஆவேசம் இருந்து வேறு எதற்கும் அடங்காதபோது, குறைந்த அளவில், ஆறு வாரம் போலக் கொடுத்துப் பார்ப்பது நடைமுறைதான். தவறு பெரும்பாலும் அதற்கப்புறம்தான் நடக்கிறது. மறுபரிசீலனை செய்ய யாரும் கூப்பிடுவதில்லை, பழைய சீட்டிலேயே மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்போம்.

பகல் தூக்கமும் கால் இழுப்பதும் மருந்து கூடுதலாக வேலை செய்வதன் அடையாளமாக இருக்கலாம். இதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே சொல்லுங்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிவது, விழுங்கும்போது புரையேறி நுரையீரலில் சளி கட்டுவது எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். இல்லாத ஆட்களையோ குழந்தைகளையோ பார்ப்பதாக அம்மா சொன்னால் அதையும் சொல்லுங்கள். அது லூயி பாடி என்ற வேறு வகை மறதி நோயின் அடையாளமாக இருக்கலாம். அந்த வகையில் இந்த மருந்தின் சிறு அளவுகூட உடலை விறைக்க வைத்து ஆபத்தில் விடும்.

சரி, மாத்திரையைக் குறைத்தால் குளிப்பாட்டுவது எப்படி? உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது மூட்டுவலி. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர், கையைப் பிடித்து எழுப்பும்போது அடிக்கத்தான் செய்வார். நார்வேயில் முதியோர் இல்லங்களில் வலிக்கு முறையாக மருந்து கொடுத்துப் பார்த்தபோது ஆவேசமே குறைந்தது. அங்கே பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால்தான். கல்லீரல், சிறுநீரக நிலையைப் பார்த்து அளவை டாக்டரே சொல்லட்டும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது நேரம். களைத்துப்போகும் சாயங்காலத்தை விட்டு, அவர் தெளிவாக இருக்கும் வேளைக்குக் குளியலை மாற்றுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை முழுக் குளியல் போதும். மற்ற நாளில் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். அறையைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார வைத்து, தோளிலிருந்து முழங்கால் வரை பெரிய துண்டால் போர்த்திவிடுங்கள். துண்டை விலக்காமல், பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாகக் கழுவுங்கள். ஒரு துணியை அவர் கையிலேயே கொடுத்தால் பாதி வேலையை அவரே செய்வார். தலையில் தண்ணீர் ஊற்றுவதைக் கடைசியில் வையுங்கள், அல்லது வேறொரு நாளைக்கு. முகத்தில் தண்ணீர் விழும் அந்த நொடியில்தான் பலர் மிரண்டுபோகிறார்கள். "குளிக்கணும், வாங்க" என்று சொல்வதைவிட, "இந்தக் கையைக் கொடுங்கம்மா" என்றால் எடுபடும். மறுத்தால் வாதாடாமல் விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள்.

ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எதைச் செய்ததும் அடங்கினார். மலச்சிக்கலா, சிறுநீர் எரிச்சலா என்றும் கவனியுங்கள். ஆவேசம் ஓரிரு நாளில் திடீரென்று ஏறினால் அது மறதி நோயின் வளர்ச்சியாக இருக்காது. தொற்றையோ, சிறுநீர் அடைத்திருப்பதையோ, புதிதாகச் சேர்ந்த மருந்தையோதான் முதலில் தேட வேண்டும். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள்கூட இப்படிச் செய்யும்.

குறைக்கும்போது டாக்டர் பெரும்பாலும் பாதி அளவாக்கி, இரண்டு வாரம் பார்த்து, பிறகு நிறுத்தச் சொல்வார். பலருக்கு ஒன்றும் மோசமாவதில்லை. முன்பு ஆவேசம் மிகக் கடுமையாக இருந்தவர்களில் சிலருக்குத் திரும்ப வரும். அப்போது குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவது பற்றிப் பேசலாம். அப்படித் தொடங்கினால், என்றைக்கு மறுபடி குறைத்துப் பார்ப்போம் என்ற தேதியையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நோட்டையெல்லாம் தேடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸ்.