தாத்தாவின் நோட்டும் நான்கு பக்கச் சுருக்கமும்

அன்புள்ள அய்யா,

என் தாத்தா தன் வாழ்க்கையை 118 பக்கம் நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருடைய நினைவு நாளில் உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக அதை நான்கு பக்கமாகச் சுருக்கினேன். வருஷ வரிசை மாறாமல்தான் எழுதினேன். படித்துப் பார்த்த சித்தப்பா, “எல்லாம் சரி, ஆனா இது எங்க அப்பா இல்லையேம்மா” என்று சொல்லிவிட்டார். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. நோட்டின் நகலையும் என் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். பெயர் போடாமல் பதில் எழுதுங்கள்.

ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வாசகிக்கு,

நோட்டை இரண்டு முறை படித்தேன். உங்கள் நான்கு பக்கத்தில் தேதிப் பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. சித்தப்பாவுக்கு இடித்தது வேறு என்று நினைக்கிறேன். உங்கள் சுருக்கத்தில் ‘திருப்புமுனை’ என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது, ‘அன்றிலிருந்து’ ஐந்து இடத்தில் வருகிறது. தாத்தாவின் நோட்டில் இரண்டும் ஒரு தடவைகூட இல்லை.

1954 நவம்பர் 1-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்த நாள். தாத்தாவுக்கு அப்போது 23 வயது. முதுநகர் அரிசி மண்டியிலிருந்து இரவல் சைக்கிளில் கிளம்புகிறார். எல்லையான முள்ளோடையில் யாரும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விட்டதை நம்ப முடியாமல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அரியாங்குப்பத்தில் டியூப் வெடிக்கிறது. கடற்கரையில் கூட்டத்துக்குள் ஒற்றைச் செருப்பு போய்விடுகிறது. மீதிச் செருப்பைச் சைக்கிள் ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு ராத்திரி ஊர் திரும்புகிறார். ஏழு பக்கம் எழுதியிருக்கிறார், அவ்வளவு அழகு. நீங்கள் அதை இப்படிச் சுருக்கியிருக்கிறீர்கள்:

“அந்த நாள் அவர் வாழ்வின் திருப்புமுனை ஆனது. அன்று மூண்ட நாட்டுப்பற்றே 1959-இல் அவரை நெய்வேலிக்கு, பொதுத்துறைப் பணிக்கு அழைத்துச் சென்றது.”

நெய்வேலிக்கு ஏன் போனார் என்பதை 61-ஆம் பக்கத்தில் அவரே சொல்லிவிட்டார். மண்டிக்காரர் வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள், கடையை மூடினார்கள், இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நெய்வேலியில் ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார், இவர் போனார். அங்கே நாட்டுப்பற்று என்ற பேச்சே இல்லை. அவருக்கு அது இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் இந்த இடத்தில் அதைக் காரணமாக வைத்தது நீங்கள்.

இது ஏன் நடக்கிறது என்றால், ஏழு பக்கம் எழுதிய விஷயம் பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வயதானவர்கள் எழுதும் குறிப்பில் பக்கக் கணக்கு அப்படி வேலை செய்வதில்லை. சொல்லச் சுகமானதை நீட்டி எழுதுவார்கள். வலித்ததை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். பக்கம் 19-ஐ மறுபடி பாருங்கள். “1947 வைகாசியில் அய்யா காலமானார். படிப்பு நின்றது. மாமா என்னை மண்டியில் சேர்த்துவிட்டார்.” தகப்பனார் சாவுக்கு அவ்வளவுதான். அடுத்த வரியிலேயே மண்டித் தராசைப் பற்றி எழுதப் போய்விடுகிறார். உங்கள் சுருக்கத்தில் இதற்கு அரை வாக்கியம், சைக்கிள் பயணத்துக்குப் பன்னிரண்டு வாக்கியம்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சம்பவத்துக்கும் அது நோட்டில் பிறகு எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று ஓரத்தில் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டே போனேன். சைக்கிள் பயணம் 41-ஆம் பக்கத்தோடு முடிந்துவிட்டது. அப்புறம் ஒரு இடத்தில்கூட இல்லை. அய்யாவின் சாவு ஐந்து இடத்தில் வருகிறது: 1952-இல் தங்கை கல்யாணத்துக்குத் தாமே நின்றது, அய்யா வாங்கிய கடனை 1955-இல் அடைத்து முடித்தது, நெய்வேலியில் படித்தவர்களுக்குக் கீழே குமாஸ்தாவாகவே இருந்துவிட்டது, உங்கள் அப்பா கல்லூரியில் சேர்ந்த நாளில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது, கடைசியாக 112-ஆம் பக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பற்றிய அந்த ஒரு வரி. இருந்த இடம், பார்த்த வேலை, வீட்டுப் பொறுப்பு மூன்றும் ஒரே மாதத்தில் மாறியது 1947-இல்தான். அதையும் ‘திருப்புமுனை’ என்று எழுத வேண்டியதில்லை. பின்னால் வரும் இந்த ஐந்தையும் அதனதன் ஆண்டில் வைத்தால் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. காரணச் சொல்லை அடித்துவிட்டு, “1954-இல் புதுச்சேரி விழாவுக்குப் போனார். 1959-இல் நெய்வேலியில் சேர்ந்தார்” என்று அடுத்தடுத்து வைத்தாலும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலவே தெரியும். நடுவில் இருப்பதை விடக் கூடாது. அந்தப் பத்தியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“1954 நவம்பர் 1 அன்று சைக்கிளில் புதுச்சேரி போய் விழாவைப் பார்த்தார். மறு வருஷம் தகப்பனார் கடன் அடைந்தது. 1956-இல் திருமணம். 1959-இல் மண்டி மூடப்பட்டதும் நெய்வேலியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1989-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.”

சைக்கிள் பயணத்தை இழக்க மனம் வராது, எனக்கும்தான். அந்த ஏழு பக்கத்தை அப்படியே அவர் வார்த்தையில் தட்டச்சு செய்து பின்னிணைப்பாகப் போடுங்கள். ரசிக்கிற இடத்தில் ரசிக்கட்டும், வரிசைக்குள் அதற்கு ஒரு வாக்கியம் போதும்.

நம் ஊர்ப் பக்கம் பாரதியாருக்கும் இதைத்தான் செய்கிறோம். 1918 நவம்பர் 20-இல் அவரைக் கைது செய்து கடலூர் சிறையில் வைத்தார்கள், மூன்று வாரத்துக்குச் சற்று மேல் இருந்தார். கடலூர்க்காரர்கள் மேடையேறினால் அந்த மூன்று வாரம் முப்பது வருஷமாகிவிடும். அவர் வாழ்க்கையில் மாறியது 1908 முதல் பத்து வருஷம் இருந்த புதுச்சேரியை விட்டுக் கிளம்பியது. சிறை அந்த வழியில் நடந்தது. 1921-இல் திருவல்லிக்கேணி யானை தள்ளியதைச் சொல்லி அடுத்த வரியில் மரணத்தை வைப்பதும் அப்படித்தான். யானை தள்ளிய பிறகு அவர் தேறினார், ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய்ப் பேசினார், வயிற்றுக்கடுப்பு வந்து செப்டம்பரில் இறந்தார். நடுவில் இருந்த அந்த மாதங்களை வெட்டினால் யானையே கொன்றதாகிவிடும்.

தாத்தாவே ஓரிடத்தில், பக்கம் 74-இல், “அந்த ஒரு பேச்சில் என் மனசு மாறிப்போச்சு” என்று மேலதிகாரி ஒருவர் திட்டியதைப் பற்றி எழுதுகிறார். இதை நீக்க உங்களுக்கு உரிமை இல்லை, பெருக்கவும் உரிமை இல்லை. “மனசு மாறிப்போனதாக எழுதுகிறார்” என்று அவர் வாயிலேயே வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அதே மேஜையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார் என்பதும் அடுத்த வாக்கியமாக இருக்கட்டும்.

கடைசியாக, பக்கம் 97-இல் “அந்த வருஷப் புயலில் கூரை போச்சு” என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் ஒரு ஆண்டைக் கணித்துப் போட்டிருக்கிறீர்கள். வீட்டில் மூத்த அத்தை இருப்பதாக நோட்டிலிருந்து தெரிகிறது, அவரிடம் கேளுங்கள். அந்தச் சமயம் எந்தப் பிள்ளை எத்தனாவது படித்தது என்று கேட்டால் ஞாபகம் வரும். வராவிட்டால் ஆண்டை எடுத்துவிட்டு, “நெய்வேலியில் இருந்தபோது ஒரு புயலில்” என்று போடுங்கள்.