டிரேடிங் ஜர்னலுக்கு எந்த அனுமதி போதும்?

கேள்வி: டிரேடிங் ஜர்னல் ஆப் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டிவிட்டேன். பைனான்ஸ் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் உள்ள என் கணக்கோடு இணைக்க, வெளி ஆப் கணக்குக்குள் வர உதவும் சாவியான ஏபிஐ கீ கேட்கிறது. படிக்கும் அனுமதியோடு டிரேடிங் அனுமதியையும் டிக் செய்யச் சொல்கிறார்கள். பணம் எடுக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்பதால் பயமில்லையாம். அப்படியா?

பதில்: இல்லை, டிரேடிங் அனுமதியைக் கொடுக்காதீர்கள். ஜர்னலின் வேலை நடந்து முடிந்த டிரேடுகளைப் பதிவு செய்வது. அதற்குப் படிக்கும் அனுமதி முழுக்கப் போதும். ஆர்டர் போடும் உரிமையை அது எதற்காகக் கேட்கிறது என்று எழுதிக் கேளுங்கள். "பின்னால் வரப்போகும் வசதிக்காக" என்று பதில் வந்தால், அந்த வசதி வரும்போது யோசித்துக்கொள்ளலாம்.

பணத்தை வெளியே எடுக்க முடியாவிட்டால் திருட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். டிரேடிங் அனுமதி மட்டும் இருந்தாலே கணக்கைக் காலி செய்துவிடலாம். எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாங்குவோரும் விற்போரும் குறைவாக உள்ள ஒரு காயின் 1 யுஎஸ்டிடி விலையில் இருக்கிறது. திருடன் அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, தன் கணக்கில் 10 யுஎஸ்டிடிக்கு விற்பனை ஆர்டர் போடுகிறான். பிறகு கசிந்த உங்கள் கீயைக் கொண்டு உங்கள் கணக்கிலிருந்து அதே காயினை மார்க்கெட் ஆர்டரில் வாங்குகிறான். இடையில் இருக்கும் சில்லறை ஆர்டர்களையும் கட்டணத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் 1,000 யுஎஸ்டிடிக்கு 100 காயின் கிடைக்கும். சில நிமிடங்களில் விலை பழையபடி 1-க்கு இறங்கியதும் உங்கள் கையில் இருப்பதன் மதிப்பு 100. மீதி 900 திருடனின் கணக்கில். எக்ஸ்சேஞ்சின் கண்ணுக்கு அது ஒரு சாதாரணக் கொள்முதல்.

இது கற்பனை இல்லை. 2018 மார்ச் 7 அன்று பைனான்ஸில் ஏறக்குறைய இதே வழியில்தான் நடந்தது. போலி இணையதளம் மூலம் பலரின் லாகின் விவரங்களைத் திரட்டியவர்கள், அந்தக் கணக்குகளில் டிரேடிங் ஏபிஐ கீ உருவாக்கி, சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். பிறகு இரண்டே நிமிடத்தில், அந்தக் கணக்குகளில் இருந்த பிட்காயினைக் கொண்டு வியாகாயின் என்ற சிறிய காயினை வாங்கித் தள்ளி விலையை ஏற்றினார்கள். வியாகாயினை முன்பே நிரப்பி வைத்திருந்த 31 கணக்குகள் அந்த உச்ச விலையில் விற்றன. பைனான்ஸின் தானியங்கிக் கண்காணிப்பு பணம் வெளியேறுவதைத் தடுத்துவிட்டதால் அந்த முறை திருடர்களால் அதை எடுத்துச் செல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அப்படித் தடுப்பு விழும் என்று நம்பி இருக்க முடியாது.

அங்கே ஏமாந்தவர்கள் தங்கள் லாகினைப் பறிகொடுத்தவர்கள். நீங்கள் கவனமாக இருந்தாலும், கீயை ஒப்படைத்த இடம் கசியலாம். தானாக ஆர்டர் போடும் டிரேடிங் பாட் சேவையான 3கமாஸின் ஏபிஐ கீகள் 2022 டிசம்பர் கடைசியில் இணையத்தில் வெளியாயின. கசிவு உண்மைதான் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பாட்டுக்கு டிரேடிங் அனுமதி இல்லாமல் வேலை நடக்காது, அதனால் அந்த ஆபத்தைத் தவிர்க்கவும் வழியில்லை. ஜர்னலுக்கு அப்படி ஒரு தேவையே கிடையாது.

இனி செய்ய வேண்டியது. கைபேசி ஆப்பை விட்டுவிட்டு, நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து எக்ஸ்சேஞ்சின் தளத்துக்குப் போங்கள். API Management பக்கத்தில் இந்த ஜர்னலுக்கென்று தனியாக ஒரு கீ உருவாக்கி, அதன் பெயரிலேயே சேமியுங்கள். ஒரே கீயை இரண்டு சேவைகளுக்குக் கொடுத்தால், கசிந்தது எங்கே என்று பிறகு தெரியாது. Enable Reading மட்டும் டிக் ஆகியிருக்க வேண்டும். சீக்ரெட் கீ ஒரே ஒரு முறைதான் திரையில் தெரியும். அதை ஜர்னலில் ஒட்டியதோடு சரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டாம். தொலைந்தால் புதுக் கீ உருவாக்க இரண்டு நிமிடம் போதும்.

ஜர்னல் தன் சர்வரின் ஐபி முகவரிகளைக் கொடுத்தால், அவற்றுக்கு மட்டும் கீயைக் கட்டுப்படுத்துங்கள். கீயைத் திருடியவன் வேறு இடத்திலிருந்து பயன்படுத்த முடியாது. ஆனால் ஜர்னலின் சர்வருக்குள்ளேயே ஒருவன் புகுந்துவிட்டால் இந்தப் பூட்டு உதவாது. அப்போது காப்பது அனுமதியின் அளவுதான்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் `GET /sapi/v1/account/apiRestrictions` என்பதை அழைத்து, கீயின் உரிமைகளை நேராகவே பார்க்கலாம். ஐபி கட்டுப்பாடும் போட்ட ஜர்னல் கீக்கு விடை இப்படி வர வேண்டும் (தேவையான வரிகள் மட்டும்):

```
"ipRestrict": true,
"enableReading": true,
"enableSpotAndMarginTrading": false,
"enableFutures": false,
"permitsUniversalTransfer": false,
"enableWithdrawals": false
```

ஜர்னலும் இதே அழைப்பைச் செய்ய முடியும். டிரேடிங் உரிமை உள்ள கீயை ஒட்டினால் ஏற்க மறுக்கும் ஜர்னல்தான் நல்ல ஜர்னல். சந்தா கட்டுமுன் இதைச் சோதித்துப் பார்ப்பது, விளம்பரத்தில் உள்ள வரைபடங்களைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

படிக்கும் கீயிலும் ஒரு விலை உண்டு. உங்கள் இருப்பும் வரலாறும் அதை வைத்திருப்பவருக்குத் தெரியும். உங்கள் இருப்புத் தொகையைத் துல்லியமாகச் சொல்லி "எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறோம்" என்று அழைப்பு வந்தால், அந்தத் துல்லியத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்தேன். ஒரு நாள் -2015 என்று பிழை வந்தது. பழைய டிரேடுகள் சிலவும் வரவில்லை. டிரேடிங் அனுமதி தந்தால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: சரியாகாது. அந்தப் பிழையின் முழு வாசகம் `Invalid API-key, IP, or permissions for action` என்பது. மூன்று காரணங்களுக்கும் ஒரே எண். கடைசியில் உள்ள அனுமதி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் டிக் செய்பவர்கள் ஏராளம். நேற்றுவரை ஓடிய கீ இன்று இப்படிச் சொன்னால், முதலில் ஜர்னல் தன் சர்வரின் ஐபியை மாற்றியதா என்று பாருங்கள். புதிய முகவரியைப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

விடுபட்ட டிரேடுகள் வேறு கதை. ஸ்பாட் டிரேடு வரலாற்றைத் தரும் `GET /api/v3/myTrades` படிக்கும் அனுமதியில் இயங்குவதுதான். ஆனால் BTCUSDT போன்ற ஒவ்வொரு காயின் ஜோடியின் பெயரையும் சொல்லித்தான் கேட்க வேண்டும், "எல்லாவற்றையும் கொடு" என்று கேட்க முடியாது. பல ஜர்னல்கள் இன்று பட்டியலில் உள்ள ஜோடிகளை மட்டும் கேட்கின்றன. அதனால் எக்ஸ்சேஞ்ச் நீக்கிவிட்ட ஜோடியில் நீங்கள் செய்த டிரேடு விடுபடும். கன்வெர்ட் வசதியில் மாற்றியவை இந்த வரலாற்றிலேயே வராது, அவற்றை ஜர்னல் வேறு அழைப்பில் எடுக்க வேண்டும். விடுபட்ட காலத்துக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து சிஎஸ்வி கோப்பு இறக்கி ஜர்னலில் ஏற்றுங்கள். ஏற்றியபின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள், ஏற்கெனவே வந்த டிரேடு இரண்டு முறை பதிவாகியிருக்கலாம்.

கேள்வி: முன்பு டிரேடிங் அனுமதியோடு கீ கொடுத்திருந்தேன். இப்போது சந்தாவை நிறுத்தி ஆப்பையும் நீக்கிவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. ஆப்பை நீக்கினாலும் கீ உயிரோடுதான் இருக்கும். எக்ஸ்சேஞ்சின் API Management பக்கத்தில் அந்தக் கீயையே அழியுங்கள். டிரேடிங் டிக்கை மட்டும் எடுத்துவிட்டால், நகல் வைத்திருப்பவர் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பார். அழித்த கையோடு, நிலுவையில் உள்ள ஆர்டர்களையும் கடந்த சில மாத ஆர்டர் வரலாற்றையும் பாருங்கள். நீங்கள் தொடாத காயினில் ஒரு ஆர்டர் இருந்தாலும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அந்த ஆர்டரின் எண்ணோடு எக்ஸ்சேஞ்சுக்கு அன்றே எழுதுங்கள்.