R² = 0.85 என்று மட்டும் சொன்னால் என்ன புரிந்துகொள்வது?

கேள்வி: மண்டபம் பக்கம் நீலக்கால் நண்டை அளந்து, ஓட்டின் அகலத்திலிருந்து எடையைக் கணிக்க ரெக்ரஷன் போட்டிருக்கிறார்களாம். R² = 0.85 என்று மட்டும் சொன்னார்கள், வேறு ஒன்றும் தரவில்லை. 85% சரியாக வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. நண்டுகளின் எடை அவற்றின் சராசரியிலிருந்து சிதறிக் கிடக்கிறது அல்லவா, அந்தச் சிதறலில் 85 சதவீதத்தை அகலம் விளக்குகிறது என்பதுதான் அதன் பொருள். அந்தச் சிதறலும் பத்தாம் வகுப்பில் படித்த விலக்க வர்க்க சராசரி, அதாவது கிராமின் வர்க்கத்தில் அளந்தது. தராசில் நமக்குத் தெரிய வேண்டியது வெறும் கிராம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் எடை 4 கிராம் கூடுகிறது, கோட்டிலிருந்து நண்டுகள் விலகி நிற்கும் அளவு (எச்சத்தின் திட்ட விலக்கம்) 30 கிராம் என்று வையுங்கள். வலையில் வந்த சின்னது பெரியது எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்கள், அகலத்தின் திட்ட விலக்கம் 18 மி.மீ. அப்படியானால் அகலத்தால் வரும் எடைச் சிதறல் 4 × 18 = 72 கிராம்.

R² = 72² / (72² + 30²) = 5184 / 6084 = 0.85

அதே கரையில் இன்னொருவர், நண்டுக் கம்பெனிக்காக ஒரே ரகமாகப் பிரித்து வைத்த கூடையை மட்டும் அளக்கிறார். அங்கே அகலத்தின் திட்ட விலக்கம் 6 மி.மீ. தான். அதே 4 கிராம், அதே 30 கிராம்.

R² = 24² / (24² + 30²) = 576 / 1476 = 0.39

இருவர் கோடும் ஒன்றுதான். ஒரு நண்டுக்கு வரும் பிழையும் அதே 30 கிராம்தான். ஆனால் முதலாமவரின் கோடு அருமை என்றும் இரண்டாமவரின் கோடு உதவாது என்றும் எல்லோரும் சொல்வார்கள். மாறியது அளந்த நண்டுகளின் பரவல் மட்டுமே. அதனால் 0.85 என்ற எண்ணைக் கேட்டதும் நான் முதலில் கேட்பது, எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை நண்டு எடுத்தீர்கள் என்பதைத்தான்.

எடையின் திட்ட விலக்கத்தை மட்டும் அவர்கள் சொல்லிவிட்டால், அதை √(1 − R²) ஆல் பெருக்கிப் பிழையைப் பிடித்துவிடலாம். முதல் கணக்கில் 78 × 0.385 = 30. ஆக 0.85 கூட எடையின் திட்ட விலக்கத்தை ஐந்தில் இரண்டு பங்குக்குத்தான் குறைத்திருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: எடை, அகலம் இரண்டுக்கும் லாக் எடுத்துப் போட்டிருந்தால் (மீன், நண்டு ஆய்வுகளில் அதுதான் வழக்கம்) அந்த R² லாக் அளவுக்கு உரியது. இந்தக் கிராம் கணக்கு அதற்குப் பொருந்தாது.

எத்தனை நண்டு என்பதையும் கேளுங்கள். நாலே நாலு என்றால், R² 0.85 ஆக இருந்தும் 5% சோதனையில் அது தேறாது.

R நிரலில் போட்டிருந்தால் அவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை:

```r
summary(lm(weight ~ width))
```

விடையில் `Residual standard error` என்று ஒரு வரி வரும். அதில் கிராம் பிழையும், பக்கத்திலேயே `degrees of freedom` எண்ணும் இருக்கும். அந்த எண்ணோடு 2 கூட்டினால் நண்டுகளின் எண்ணிக்கை. `Multiple R-squared` அதற்கு அடுத்த வரி. அதை மட்டும் எடுத்துச் சொல்கிறவர்கள் அநேகமாக மேல் வரியைப் படிப்பதில்லை.

30 கிராம் பிழை நல்லதா கெட்டதா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. 160 கிராம் நண்டு ஒன்றை ரகம் பிரிக்க அது போதாது. ஆனால் அப்படி 100 நண்டின் மொத்த எடை வேண்டுமென்றால், தனித்தனிப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்தத்தில் 30 × √100 = 300 கிராம் அளவில் நிற்கும். 16 கிலோவில் அது 2 சதவீதம்கூட இல்லை. இது எல்லாம் பிழைகள் இரு பக்கமும் விழும்போதுதான். ஓடு கழற்றிய நண்டுகள் ஒரே சமயத்தில் நிறைய வந்தால் அகலம் இருக்கும், உள்ளே சதை இருக்காது. அப்போது கூடை முழுவதும் கணித்ததைவிடக் குறைவாகவே நிறுக்கும். சினை நண்டு சேர்ந்தால் நேர்மாறு. அளந்த பருவத்தையும், ஆண் பெண் கலந்து போட்டார்களா என்பதையும் R² காட்டாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.