ஆஷ்லி: மகனுக்கு வைக்கலாமா?

“அப்பப்பாவின் பெயர் ஆஷ்லி. மகனுக்கு அதையே வைக்க விருப்பம். அமெரிக்காவில் இருக்கிற மச்சாள் அது பெண்பிள்ளைப் பெயர் என்று சிரிக்கிறா. நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். என்ன செய்வது?”

உங்கள் மச்சாள் சொல்வது அவர் வாழும் நாட்டுக்குச் சரி, கொழும்புக்கு அல்ல. இங்கிலாந்தில் ஊர்ப்பெயராகவும் குடும்பப்பெயராகவும் இருந்து ஆண் பெயரான ஆஷ்லியை, 1960களிலிருந்து அமெரிக்கப் பெற்றோர் பெண்களுக்கும் வைக்கத் தொடங்கினர். மேரி, எமிலி போன்ற பெயர்களின் இகர முடிவு அதற்கு இசைவாக இருந்தது. 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் அங்கே பெண் பெயர்களில் அதுவே முதலிடம் பெற்றது.

கவனிக்க வேண்டியது, இந்த ஓட்டம் பெரும்பாலும் ஒருவழிப் பாதை என்பதே. மகளுக்கு ஆண் பெயர் வைப்பது புதுமையாகவும் மிடுக்காகவும் கருதப்படுகிறது. ஆனால் வகுப்பில் நான்கு சிறுமிகளுக்கு அதே பெயர் இருப்பதைக் கண்டதும் ஆண்பிள்ளைகளின் பெற்றோர் அதைக் கைவிடுகிறார்கள், கைவிடுவதாலேயே மாற்றம் இன்னும் விரைகிறது. (கேலிக்கு அஞ்சுவது பெற்றோரே, குழந்தை அல்ல.)

அந்த அலை எல்லா நாட்டையும் ஒரே காலத்தில் தொடுவதில்லை. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே பெண்கள் பக்கம் சாயத் தொடங்கிய ஷேர்லி என்ற பெயர் இலங்கையில் ஆண்களிடமே நிலைத்தது, 1976இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை தாங்கிய ஷேர்லி அமரசிங்க நம் நாட்டவர். ஆகவே ஆஷ்லி என்றே வையுங்கள். மகன் பிற்காலத்தில் அமெரிக்கா செல்லக்கூடும் என்று நினைத்தால், ஐயத்துக்கு இடமில்லாத ஒரு தமிழ்ப் பெயரையும் பிறப்புப் பதிவில் சேர்த்துவிடுங்கள்.